“ஆறு மாசம், எக்ஸ்டெண்ட் ஆகும்” என்று ரெக்ரூட்டர் சொன்ன பிறகு கேட்க வேண்டியவை

காண்ட்ராக்ட் வேலைக்கு அழைக்கும் ரெக்ரூட்டர் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்: “ஆறு மாச காண்ட்ராக்ட், எக்ஸ்டெண்ட் ஆகும், பெனிஃபிட்ஸ் எல்லாம் உண்டு.” கேட்பவரும் தலையாட்டிவிட்டு ரேட் பேசப் போய்விடுவார். பிற்பாடு வரும் சண்டைகளில் பெரும்பாதி இந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளம்புபவைதான். ரெக்ரூட்டர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. அவர் சொன்ன மூன்றையும் முடிவுசெய்பவர்கள் வேறு வேறு ஆட்கள். அவர்களில் அவர் இல்லை.

அவர் கண்முன் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் எதைக் கேட்பது என்று தானே பிடிபடும். கிளையன்ட் நிறுவனத்தில் ஒரு மேனேஜருக்கு ஆள் தேவை. அவர் பட்ஜெட் ஒப்புதல் வாங்கி, தேவையைப் பதிவுசெய்கிறார். அது ஏஜென்சிகளுக்குப் போகிறது. ஏஜென்சியில் இருக்கும் ரெக்ரூட்டருக்குத் தெரிவது வேலை விவரம், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, அதிகபட்ச ரேட், அவ்வளவுதான். “எக்ஸ்டெண்ட் ஆகும்” என்பது சில நேரம் அந்தக் குறிப்பில் இருக்கும். பல நேரம் அவருடைய ஊகம். அதனால் “எக்ஸ்டெண்ட் ஆகுமா?” என்று கேட்டால் கிடைப்பது “கண்டிப்பா ஆகும் சார்” என்ற பதில் மட்டும்தான். நடந்து முடிந்ததையோ காகிதத்தில் இருப்பதையோ கேட்டால்தான் உருப்படியாக ஏதாவது கிடைக்கும்.

முதலில் காலம். “ஆறு மாசம்” என்றதும், நாம் சேரும் நாளிலிருந்து ஆறு மாதம் என்றுதான் மனது எடுத்துக்கொள்கிறது. ஆனால் கிளையன்ட் பதிவில் இருப்பது பெரும்பாலும் இரண்டு தேதிகள். சேரும் தேதி தள்ளிப்போனாலும் முடிவுத் தேதி அப்படியே இருப்பது சகஜம், ஏனென்றால் அது பட்ஜெட்டோடு கட்டப்பட்டது. நேர்காணல் ஒரு வாரம் தள்ளும், பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனம் பதில் தர இரண்டு வாரம் எடுக்கும், லேப்டாப்பும் லாகினும் வர இன்னும் சில நாள். இந்தத் தாமதம் எல்லாம் ஆறு மாதத்திலிருந்துதான் கழியும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். பதிவில் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை என்று இருக்கிறது. வாரம் 5 நாள் வேலை என்றால் சுமார் 26 வாரம், 130 வேலை நாட்கள். ஆள் சேர்ந்தது ஆகஸ்ட் 12. அங்கிருந்து டிசம்பர் கடைசி வரை 20 வாரம், 100 வேலை நாட்கள். ஒரு மணி நேர வேலைகூடச் செய்வதற்கு முன்பே 30 நாள் போய்விட்டது. ஆஃபர் லெட்டரில் “ஆறு மாதம்” என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. “டிசம்பர் 31 வரை” என்றுதான் இருக்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி இது:

“ஆறு மாசம்னா நான் ஜாயின் பண்ற நாள்லேர்ந்தா, இல்ல முடிவுத் தேதி ஏற்கெனவே குறிச்சிருக்கா? ஜாயினிங் தள்ளிப்போனா அந்தத் தேதியும் தள்ளுமா?”

தேதியைப் பார்த்து “31ஆம் தேதின்னு போட்டிருக்கு, தள்ளுமான்னு கேட்டுச் சொல்றேன்” என்று சொன்னால் அவர் நல்ல ரெக்ரூட்டர். “அதெல்லாம் பிரச்சனை இல்ல சார்” என்று சொன்னால், அவர் அந்தப் பதிவைத் திறந்தே பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

முடிவுத் தேதியைத் தெரிந்துகொண்டதும் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்தத் தேதிவரை வேலை உறுதியா, இல்லை அதிகபட்சம் அதுவரையா? பெரும்பாலான காண்ட்ராக்ட்களில் கிளையன்ட் காரணம் சொல்லாமலே இடையில் முடித்துக்கொள்ளலாம் என்ற வரி உண்டு. அதனால் முடிவுத் தேதியை விட நோட்டீஸ் பீரியட்தான் உங்களுடைய நிஜமான பாதுகாப்பு. இதில் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. கிளையன்ட் ஒரு வாரத்திலோ அன்றைக்கேயோ முடிக்கலாம், நீங்கள் விலகுவதென்றால் 30 நாள் சொல்ல வேண்டும் என்று இருக்கும். “நோட்டீஸ் எவ்வளவு?” என்று ஒற்றையாகக் கேட்டால் உங்கள் பக்கத்து எண்ணை மட்டும் சொல்லிவிடுவார்கள். “நான் விலகினா எத்தனை நாள், கிளையன்ட் நிறுத்தினா எத்தனை நாள், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா?” என்று சேர்த்துக் கேட்க வேண்டும். ஏஜென்சியின் பேரோலில் இருப்பவர்கள் கூடவே கேட்க வேண்டியது: கிளையன்ட் வேலை முடிந்தால் ஏஜென்சியோடு உள்ள வேலையும் அன்றே முடிகிறதா, இல்லை அடுத்த இடம் கிடைக்கும்வரை பென்ச்சில் சம்பளத்தோடு வைத்திருப்பார்களா? பென்ச் உண்டு என்றால் எத்தனை நாள், முழுச் சம்பளமா என்பதையும் விடக் கூடாது.

இப்போது எக்ஸ்டென்ஷன். இதற்குப் பின்னால் ஒரு வரிசை உண்டு. கிளையன்ட் மேனேஜர் கோரிக்கை வைக்க வேண்டும். நிதிப் பிரிவு அடுத்த காலத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அது ஏஜென்சிக்கு வர வேண்டும். ஏஜென்சி உங்களுக்குப் புதிய தேதியோடு கடிதம் தர வேண்டும், நீங்கள் கையெழுத்திட வேண்டும். மேனேஜர் உங்கள் வேலையை மெச்சுவது முதல் படிக்கு மட்டும்தான் உதவும். நல்ல ஆள் என்று எல்லோரும் சொல்லியும் எக்ஸ்டென்ஷன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இரண்டாவது படியில்தான். முடிவுத் தேதி நிதியாண்டின் கடைசியோடு ஒட்டியிருந்தால் இந்த ஆபத்து கூடும், புதிய பட்ஜெட் ஒப்புதலாகும்வரை மேனேஜரால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வரிசை மெதுவாக நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை ரெக்ரூட்டர் தானாகச் சொல்ல மாட்டார். கிளையன்ட் சிஸ்டத்தில் முடிவுத் தேதி வந்ததும் உங்கள் லாகின் தானாகவே அணைந்துவிடும்படி வைத்திருப்பார்கள். ஒப்புதல் வாய்வார்த்தையாக வந்திருந்தாலும் சிஸ்டத்தில் தேதி மாறவில்லை என்றால், மறுநாள் காலை உள்ளே நுழைய முடியாது. டைம்ஷீட்டிலும் அந்த நாளுக்கு மணி நேரம் ஏற்றாது. மேனேஜர் “நீங்க வேலை பாருங்க, பேப்பர் வந்துடும்” என்பார். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். அப்படிப் பார்த்த நாட்களுக்குப் பில் போட வழியில்லாமல் ஏஜென்சியும் கிளையன்ட்டும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். இதற்காகவே கேட்டு வைக்க வேண்டியது: “எக்ஸ்டென்ஷன் உண்டா இல்லையான்னு முடிவுத் தேதிக்கு எத்தனை நாள் முன்னாடி எனக்குத் தெரியும்? இடையில கேப் விழுந்தா அந்த நாட்களுக்கு என்ன வழி?”

முன்பு நடந்ததைக் கேட்பது எப்படி என்பதற்கு ஒரு சின்ன உரையாடல்:

“இதே டீம்ல உங்க ஏஜென்சி மூலமா இப்ப எத்தனை பேர் இருக்காங்க மேடம்?”

“மூணு பேர் இருக்காங்க.”

“அவங்க எத்தனை மாசமா இருக்காங்க? முதல் காண்ட்ராக்ட்லேயே முடிஞ்சு போனவங்க உண்டா?”

“ஒருத்தர் பதினாலு மாசம், ரெண்டு பேர் எட்டு மாசம். ஒருத்தர் ஆறு மாசத்துல முடிஞ்சுது, அந்த புராஜெக்ட் நின்னுபோச்சு.”

“இந்த இடம் இப்ப ஏன் காலியா இருக்கு? புது இடமா, யாராவது விலகினதா?”

இந்த மூன்று கேள்விகளுக்கும் வரும் பதில்கள் “கண்டிப்பா எக்ஸ்டெண்ட் ஆகும்” என்பதை விடப் பல மடங்கு மதிப்புள்ளவை. மூன்று பேர் முதல் காலத்தைத் தாண்டியிருக்கிறார்கள், ஒருவர் புராஜெக்ட் நின்றதால் போனார் என்றால் நிலைமை ஓரளவு தெரிகிறது. ஏஜென்சிக்கு அந்த டீமில் ஒருவரும் இல்லை, முதல் முறை ஆள் அனுப்புகிறார்கள் என்றால் எக்ஸ்டென்ஷன் பற்றி அவர் சொல்வதை வெறும் நம்பிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இடையில் இரண்டு மூன்று ஏஜென்சிகள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கீழே இருப்பவர் கிளையன்ட்டோடு பேசவே முடியாது, மேலே இருப்பவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வார். “கிளையன்ட்டோட நேரடி ஒப்பந்தம் உங்களுக்கா, நடுவுல வேற யாராவது இருக்காங்களா?” என்று தயங்காமல் கேட்கலாம். சாதாரணக் கேள்விதான், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

எக்ஸ்டென்ஷனில் பலர் மறந்துபோவது உச்சவரம்பு. வெளியாட்கள் ஒரே இடத்தில் இத்தனை மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று பெரிய நிறுவனங்கள் சில விதி வைத்திருக்கும்: 12, 18 அல்லது 24 மாதம். அதைத் தொட்டதும் சில மாத இடைவெளி விட்டுத்தான் திரும்ப வர முடியும். வரம்பு 12 மாதம் என்றால் ஆறு மாத காண்ட்ராக்டுக்கு ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன்தான், மேனேஜர் தலைகீழாக நின்றாலும். பெர்மனென்ட் ஆக்க வாய்ப்பிருக்கிறது என்று சொன்னால் அதிலும் ஒரு கேள்வி உண்டு: உங்களை எடுத்துக்கொள்ள கிளையன்ட் ஏஜென்சிக்குக் கட்டணம் தர வேண்டுமா, எத்தனை மாதத்துக்குப் பிறகு அது இல்லாமல் போகும்? மேனேஜருக்கு ஆசை இருந்தும் ஆறு மாதத்தில் எடுக்காமல் பன்னிரண்டு மாதம் காத்திருப்பதற்குப் பின்னால் இந்தக் கட்டணம் இருப்பதுண்டு.

எக்ஸ்டென்ஷனில் ரேட் பழையதே தொடரும் என்பது எழுதப்படாத வழக்கம். கூட்டிக் கேட்க வேண்டுமானால் மேனேஜர் கோரிக்கை வைப்பதற்கு முன்பே, அதாவது முடிவுத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பாவது ஏஜென்சியிடம் சொல்லிவிட வேண்டும். பணம் ஒதுக்கிய பிறகு கேட்டால் மொத்த ஒப்புதலையும் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். அதற்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

பெனிஃபிட்ஸ் பற்றிச் சொல்லும்முன் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். முதல் அழைப்பு முடிந்த அரை மணி நேரத்தில் ரெக்ரூட்டரிடமிருந்து ஒரு மெயில் வரும்: இந்த வேலைக்கு இந்த ரேட்டில் என் ரெஸ்யூமேவை அனுப்பச் சம்மதம் என்று பதில் போடுங்கள். அவசரம் என்பார்கள். நீங்கள் சம்மதித்த ரேட் கிளையன்ட்டுக்குப் போனதும் அது ஏறக்குறையப் பூட்டப்பட்டுவிடுகிறது. நேர்காணலில் தேறிய பிறகு “லீவுக்குச் சம்பளம் இல்லையாமே, ரேட்டைக் கூட்டுங்கள்” என்றால் “நீங்கதான் மெயில்ல கன்ஃபர்ம் பண்ணீங்களே” என்ற பதில்தான் வரும். ஆகவே நோட்டீஸ், எக்ஸ்டென்ஷன், உச்சவரம்பு போன்றவற்றை ஆஃபர் கட்டத்தில் கேட்டாலும் போதும். ரேட்டைப் பாதிக்கும் கேள்விகளை மட்டும் அந்த மெயிலுக்குப் பதில் போடுவதற்கு முன்பே கேட்டாக வேண்டும். அவை மூன்றுதான்: யாருடைய பேரோல், எந்தெந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது, காப்பீடு எப்போது தொடங்குகிறது.

பேரோல் ஏஜென்சியுடையது என்றால் கிளையன்ட் ஊழியர்களுக்குக் கிடைக்கும் எதுவும் உங்களுக்குத் தானாக வராது. உங்கள் பெனிஃபிட்ஸ் ஏஜென்சியின் பெனிஃபிட்ஸ். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு இருக்கும் போனஸையும் லீவையும் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. பேரோலே இல்லை, நீங்களே பில் அனுப்ப வேண்டும் என்றால் வரியும் காப்பீடும் உங்கள் தலையில். அந்த ரேட்டைப் பேரோல் ரேட்டோடு ஒப்பிடுவதே தவறு. “பெனிஃபிட்ஸ் உண்டு” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், சட்டப்படி எல்லோருக்கும் கட்டாயமாகத் தருபவை போக ஏஜென்சி கூடுதலாகத் தருவது எது என்று பிரித்துக் கேட்க வேண்டும். சில இடங்களில் பதில் “எதுவும் இல்லை” என்று இருக்கும். தெரிந்து ஒப்புக்கொண்டால் அதில் தவறொன்றும் இல்லை.

மேலே போட்ட கணக்கைத் தொடரலாம். மணிக்கு 100 ரேட் என்று வைத்துக்கொள்வோம், எந்த நாணயமாக இருந்தாலும். சேர்ந்த நாளிலிருந்து 100 வேலை நாட்கள். வேலை பார்த்தால்தான் சம்பளம் என்ற விதி. அதில் 5 நாள் கிளையன்ட் விடுமுறை. ஆண்டுக் கடைசியில் கிளையன்ட் அலுவலகத்தையே 5 நாள் மூடுகிறது. ஊழியர்களுக்கு அது சம்பளத்தோடு லீவு, வெளியாட்களுக்குச் சம்பளமில்லாத ஓய்வு. காய்ச்சல், சொந்த வேலை என்று 4 நாள். மொத்தம் 14 நாள் போனால் மிச்சம் 86. நாளுக்கு 8 மணி வீதம் 688 மணி, கைக்கு வருவது 68,800. முதல் அழைப்பில் மனதுக்குள் போட்ட கணக்கு 130 நாள், 1,040 மணி, 1,04,000. மூன்றில் ஒரு பங்கு எங்கே போனது என்றால், பெரும்பகுதி தள்ளிப்போன தொடக்கத் தேதியில், மீதி சம்பளமில்லாத நாட்களில். லீவுக்குச் சம்பளம் தரும் இடத்தில் மணிக்கு 86 கிடைத்தாலும் அந்த 20 வாரத்தில் கைக்கு வருவது இதே தொகைதான் என்பதையும் பாருங்கள். அப்படி லீவுக்கும் சம்பளம் தந்து மணிக்கு 90 தரும் இடத்தை “ரேட் கம்மி” என்று ஒதுக்குவது நஷ்டம்.

இங்கே கேள்வி “லீவ் எத்தனை?” என்பதல்ல. “கிளையன்ட் ஆபீஸ் மூடுற நாட்கள் எத்தனை, அதுக்குச் சம்பளம் உண்டா?” என்று கேட்க வேண்டும். ஆண்டுக்கடைசி மூடல் பற்றி ரெக்ரூட்டருக்குத் தெரியாவிட்டால், அங்கே ஏற்கெனவே இருப்பவரின் போன டிசம்பர் டைம்ஷீட்டைப் பார்த்தால் ஏஜென்சிக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

காப்பீட்டில் சிக்கல் காத்திருப்புக் காலம். சேர்ந்த அன்றே தொடங்கும் இடங்களும் உண்டு, 30, 60, 90 நாள் கழித்துத் தொடங்கும் இடங்களும் உண்டு. நம் கணக்கில் ஆகஸ்ட் 12 சேர்ந்தவருக்கு 90 நாள் என்றால் நவம்பர் 10ஆம் தேதிவாக்கில்தான் தொடங்கும். டிசம்பர் 31ல் காண்ட்ராக்ட் முடிகிறது. ஐந்து மாதம் கூட இல்லாத வேலையில் ஐம்பது நாள் சொச்சம்தான் காப்பீடு. பிரீமியத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, குடும்பமும் சேருமா என்பது எல்லோரும் கேட்பது. கேட்காமல் விடுவது இது: எக்ஸ்டென்ஷன் கொடுக்கும்போது பழைய காண்ட்ராக்டை நீட்டுகிறார்களா, இல்லை பழையதை முடித்துப் புதிதாக ஒன்று போடுகிறார்களா? புதிதாகப் போட்டால், அதுவும் இடையில் ஒரு வாரம் கேப் விழுந்தால், காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடலாம். சேர்த்து வைத்த லீவும் பூஜ்யத்துக்குப் போகலாம். “எக்ஸ்டென்ஷன்ல சர்வீஸ் கன்டின்யூ ஆகுமா, இல்ல புது ஜாயினிங்கா?” என்ற ஒரே கேள்வி இந்த இரண்டையும் பிடித்துவிடும். கூடவே, வேலை முடிந்தால் காப்பீடு அன்றே நிற்கிறதா அந்த மாதக் கடைசிவரை ஓடுமா என்பதும்.

போனில் கேட்டதை அன்றே மெயிலில் போட்டுவிட வேண்டும். வம்புக்கு அல்ல, ரெக்ரூட்டர்கள் அடிக்கடி மாறுவார்கள், ஆறு மாதம் கழித்து உங்களோடு பேசப்போவது வேறு ஒருவர். கேள்வியாக எழுதினால் பதில் வராமல் இழுக்கும். நீங்கள் புரிந்துகொண்டதை எழுதி, தவறிருந்தால் திருத்தச் சொன்னால் வேகமாக வரும். இப்படி:

> வணக்கம். இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது: காண்ட்ராக்ட் டிசம்பர் 31 வரை, ஜாயினிங் தள்ளினாலும் இந்தத் தேதி மாறாது. உங்கள் ஏஜென்சியின் பேரோல். கிளையன்ட் விடுமுறைக்கும் ஆண்டுக்கடைசி மூடலுக்கும் சம்பளம் இல்லை. காப்பீடு சேர்ந்து 90 நாள் கழித்து. எக்ஸ்டென்ஷன் ஆனால் சர்வீஸ் தொடரும், காத்திருப்புக் காலம் மறுபடி வராது. கிளையன்ட் நிறுத்தினால் 14 நாள் நோட்டீஸ், சம்பளத்தோடு. இதில் ஏதாவது தவறாக இருந்தால் திருத்திச் சொல்லுங்கள். இவை சரியென்றால் ரேட்டை உறுதிசெய்கிறேன்.

கடைசி வரிதான் முக்கியம். உங்கள் சம்மதம் தேவைப்படும் நேரத்தில்தான் அவர் உள்ளே போய்க் கேட்டு வருவார். பதிலில் “ஆஃபர் லெட்டர்ல எல்லாம் இருக்கும்” என்று மட்டும் வந்தால், லெட்டர் வந்ததும் மெயிலையும் அதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் செல்லுபடியாவது பெரும்பாலும் கையெழுத்திட்ட லெட்டர்தான். முந்தைய பேச்சு எதுவும் கட்டுப்படுத்தாது என்று ஒரு வரி அதிலேயே இருக்கும். அதனால் திருத்தத்தைக் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். லெட்டரைத் திருத்த முடியாது என்றால், எச்.ஆரிடமிருந்து அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் கேட்கலாம்; தருவதற்கு அவர்களுக்குப் பெரிய சிரமம் இருக்காது.

சேர்ந்த பிறகு காலண்டரில் இரண்டு நாட்களைக் குறித்து வைக்க வேண்டும். முடிவுத் தேதிக்கு 60 நாள் முன்னால் ஏஜென்சிக்கு ஒரு மெயில்: எக்ஸ்டென்ஷன் கோரிக்கை வைத்தாகிவிட்டதா, ரேட்டில் மாற்றம் கேட்கிறேன். 30 நாள் முன்னால் மறுபடி: ஒப்புதல் சிஸ்டத்தில் ஏறியதா, புதிய முடிவுத் தேதி என்ன? இரண்டாவதற்கும் “பிராசஸ்ல இருக்கு” என்றே பதில் வந்தால் அன்றைக்கே வேறு இடத்தில் பேசத் தொடங்கலாம், அதை ரெக்ரூட்டரிடமே சொல்லவும் செய்யலாம். இன்னொரு இடம் கையிலிருக்கிறது என்று தெரிந்ததும், நாள்கணக்கில் நகராத கோப்பு அன்று சாயங்காலமே நகர்வதுண்டு.